நாலு டிக்கெட், மூன்று காலை

மேட்டுப்பாளையத்தில் தினமும் காலை 7.10-க்கு ஒரு ரயில் கிளம்பி, பகல் பன்னிரண்டு வாக்கில் ஊட்டி போய்ச் சேருகிறது. நாற்பத்தாறு கிலோமீட்டர். ஏறக்குறைய ஐந்து மணி நேரம். இதே தூரத்தை பஸ் இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிடும். இருந்தும் அந்த ரயிலில் ஒரு சீட்டுக்காக ஆயிரக்கணக்கான பேர் காலை எட்டு மணிக்கு கம்ப்யூட்டர் முன்னால் விரலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்களும் அதில் ஒருவராக இருக்கலாம், அல்லது இந்தக் கோடையில் ஆகப்போகிறவராக இருக்கலாம். உங்களுக்காகத்தான் இந்த வாரம்.

முதலில் ஒரு கேள்வி. இவ்வளவு கிராக்கி இருக்கிறதே, இன்னும் பத்துப் பெட்டி சேர்த்துக் கட்டினால் என்ன?

முடியாது. காரணம் நிர்வாகமல்ல, மலை. சாதாரண ரயில் பாதையில் நூறடி போவதற்குள் ஓரடி ஏறினாலே ஏற்றம் என்பார்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை இந்தப் பாதை சில இடங்களில் பன்னிரண்டடிக்கு ஓரடி ஏறுகிறது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் வழுக்கி நின்றுவிடும். அதனால் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரண்டு இரும்புப் பட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பற்சக்கரம் அந்தப் பல்லைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் கண்டுபிடித்த முறை. இந்தியாவில் இந்த மாதிரிப் பாதை இது ஒன்றுதான். 1899-ல் குன்னூர் வரைக்கும் ரயில் வந்தது, 1908-ல் ஊட்டிக்குப் போனது.

இன்ஜின் பெட்டிகளை இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. கொக்கி கழன்றால் பெட்டிகள் மலையிலிருந்து ஓடிவிடக்கூடாதே! எப்போதும் பள்ளத்துப் பக்கம் இன்ஜின் என்பது இங்கே சட்டம். அப்படித் தள்ளக்கூடிய பெட்டிகள் நாலு, அதுவும் சின்னப் பெட்டிகள். ஆகமொத்தம் ஏறத்தாழ இருநூறு பேர். சென்னையிலிருந்து ராத்திரி வரும் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஆயிரம் பேருக்கு மேல் வருகிறார்கள் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணக்கு உங்களுக்கே புரிந்துவிடும்.

இப்போது புக்கிங். 2024 நவம்பர் வரை ரயில்வேயில் 120 நாள் முன்னால் டிக்கெட் வாங்கலாம் என்றிருந்தது. அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் நல்லதுதான். நாலு மாசத்துக்கு முன்னால் யாருக்கு எந்தச் சனிக்கிழமை லீவு கிடைக்கும் என்று எவனுக்குத் தெரியும்? பயணத் தேதியைச் சேர்க்காமல் அறுபது நாள் எண்ண வேண்டும். அந்த நாள் காலை எட்டு மணிக்குத் திறக்கும்.

இதைப் பெரும்பாலானவர்கள் ஒரு டிக்கெட் விவகாரம் என்று நினைக்கிறார்கள். சென்னையிலிருந்து போகிறவருக்கு இது நாலு டிக்கெட் விவகாரம். சென்னை - மேட்டுப்பாளையம் ஒன்று. மேட்டுப்பாளையம் - ஊட்டி ஒன்று. திரும்ப ஊட்டி - மேட்டுப்பாளையம், மேட்டுப்பாளையம் - சென்னை. இந்த நாலும் ஒரே நாளில் திறப்பதில்லை. தொல்லையே அங்கேதான் ஆரம்பம்.

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். அப்பாவின் அக்காவுக்கு எழுபத்தாறு வயது. அவளுடைய அப்பா, அதாவது என் தாத்தா, அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அத்தை பத்து வயது வரை அங்கே குவார்ட்டர்ஸில் வளர்ந்தாள். அரவங்காடு இந்தப் பாதையில் ஒரு ஸ்டேஷன். ரயில் சத்தத்தை வைத்துத்தான் வீட்டில் மணி சொல்வார்களாம். அதற்கப்புறம் ஊட்டிக்கு நாலைந்து தடவை போயிருக்கிறாள், எல்லாம் காரில். 2025 ஜனவரியில் இரண்டு முழங்காலுக்கும் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லி, ஜூனில் தேதி கொடுத்துவிட்டார்.

"அதுக்கு முன்னாடி ஒரு தடவை அந்த வண்டியில ஏறணும்டா. ஆபரேஷன் ஆகி எப்படி எழுந்திருப்பேனோ, யார் கண்டா?" என்றாள்.

பசங்களுக்குப் பரீட்சை முடிய வேண்டும், எனக்கு லீவு வேண்டும், அத்தைக்கு ஜூனுக்கு முன்னால் வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு வாரக் கடைசிதான் தேறியது. மே 9 வெள்ளி இரவு கிளம்பி, 10 சனிக்கிழமை மலையேறி, 12 திங்கள் இறங்குவது. அதுவும் மே மாசம், ஊட்டியில் மலர்க் கண்காட்சி சீசன். இதைவிட மோசமான தேதியை ஜோசியரிடம் கேட்டாலும் குறித்துத் தர மாட்டார்.

காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினேன். மே 9 ராத்திரி சென்னையில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் மார்ச் 10 காலை திறக்கும். மே 10 மலை ரயில் மார்ச் 11 காலை. மே 12 பகல் இரண்டு மணிக்கு ஊட்டியிலிருந்து இறங்கும் ரயிலும், அன்று ராத்திரி மேட்டுப்பாளையத்திலிருந்து சென்னைக்கு வரும் ரயிலும் மார்ச் 13 காலை, இரண்டும் ஒரே எட்டு மணிக்கு. ஆக நாலு டிக்கெட், மூன்று காலை. கடைசிக் காலையில் இரண்டு பேர் இரண்டு இடத்தில் உட்கார வேண்டும்.

இதில் ஒரு சங்கடத்தைக் கவனியுங்கள். மலை ரயில்தான் அரிது. ஆனால் அதற்கு முந்தின நாளே சென்னை டிக்கெட்டை வாங்கியாக வேண்டும். கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாத ஒன்றுக்காக முதலில் பணம் கட்ட வேண்டும். "மலை ரயில் கிடைச்ச பிறகு பார்த்துக்கலாம்" என்று ஒரு நாள் தள்ளினால் மே மாச வெள்ளிக்கிழமை நீலகிரி எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட்தான். நான் வாங்கிவிட்டேன். மலை ரயில் கிடைக்காவிட்டாலும் ஊட்டிக்கு பஸ் இருக்கிறது, ஆனால் மேட்டுப்பாளையத்துக்கே வராமல் மலை ரயில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

என் நண்பர் ஒருவர், பெரிய கம்பெனியில் திட்டமிடல் பிரிவில் இருப்பவர், இரண்டு டிக்கெட்டும் ஒரே தேதிக்கு வாங்கினார். 10-ம் தேதி ராத்திரி சென்னையில் கிளம்பும் ரயில், 10-ம் தேதி காலை மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் ரயில். பத்து நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார். சிரிக்காதீர்கள், ராத்திரி ரயிலில் இது அடிக்கடி நடக்கிறது. சேலம், ஈரோட்டில் ஏறுபவர்களுக்கு இன்னொரு நுணுக்கம். நள்ளிரவு தாண்டி ஏறுவதால் உங்கள் டிக்கெட்டில் தேதி 10 என்று இருக்கும். ஆனால் முன்பதிவு திறப்பது சென்னையில் ரயில் கிளம்பும் 9-ம் தேதியை வைத்து. நீங்கள் உங்கள் தேதியை வைத்து எண்ணிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு நாள் தாமதம்.

மார்ச் 11, செவ்வாய். ஏழே முக்காலுக்கே லாகின் செய்து, ஆறு பேரின் பெயர், வயசெல்லாம் முன்கூட்டியே மாஸ்டர் லிஸ்ட்டில் ஏற்றி வைத்திருந்தேன். கிளம்பும் இடம் MTP, சேரும் இடம் UAM. ரயில்வேக்கு அது ஊட்டி இல்லை, உதகமண்டலம். எட்டு மணி, ஒரு நிமிஷம். இடம் இருக்கிறது. பெயர்களைப் போட்டு, பணம் கட்டப் போனேன். வங்கியிலிருந்து வர வேண்டிய ஓ.டி.பி. வரவில்லை. அந்த வங்கியின் பெயர் வேண்டாம், எல்லா வங்கியும் எட்டு மணிக்கு இப்படித்தான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தபோது எட்டு மணி ஆறு நிமிஷம். மீதி நாலு சீட்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும், அதுவும் பத்து விநாடிக்குள். ஆறு பேருக்கும் ஒரே டிக்கெட்டாகப் போட்டால் நாலு பேருக்கு இடமும் இரண்டு பேருக்கு வெயிட்டிங் லிஸ்ட்டும் கலந்து வரும். பிறகு அந்த இருவரை என்ன செய்வது என்று கடைசி வரை இழுபறி. அதைவிட நாலு பேருக்குத் தனி டிக்கெட், இரண்டு பேருக்குத் தனி டிக்கெட் என்று பிரித்துவிடுவது நல்லது. இன்டர்நெட்டில் வாங்கிய டிக்கெட்டில் எல்லோருமே வெயிட்டிங் லிஸ்ட் என்றால், சார்ட் போட்டதும் அது தானாகவே ரத்தாகி, பிடித்தம் போகப் பணம் கணக்குக்கு வந்துவிடும். உறுதியான நாலு பேரை அது தொடாது. (கவுன்டரில் வாங்கிய டிக்கெட் என்றால் தானாக ரத்தாகாது. நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துத்தான் பணத்தை வாங்க வேண்டும்.) அப்படியே பிரித்தேன். அத்தை, மனைவி, மகள், அத்தையின் மகள் நாலு பேருக்கும் இடம். எனக்கும் பையனுக்கும் வெயிட்டிங் லிஸ்ட் 7, 8.

ஏழுதானே என்கிறீர்களா? ஆயிரம் பேர் போகும் ரயிலில் ஏழு என்பது தூசு, பத்து நாளில் கன்ஃபர்ம் ஆகிவிடும். இருநூறு பேர் போகும் ரயிலில், அறுபது நாளாக ஆசைப்பட்டு வாங்கின டிக்கெட்டை யார் ரத்து செய்வார்கள்? எங்கள் 7 மெதுவாக 5 ஆனது, ஏப்ரல் கடைசியில் 3 ஆனது, அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் தள்ளி முயன்றவர்களுக்கு வெயிட்டிங் லிஸ்ட்டுமே தீர்ந்து REGRET என்று வந்துவிடுகிறது. வருத்தம் தெரிவிக்கும் ஒரே கம்ப்யூட்டர்.

மார்ச் 13 காலை நானும் மனைவியும் பிரித்துக்கொண்டோம். அவள் சென்னை ரயில், நான் இறங்கும் மலை ரயில். அதில் ஆறு பேருக்கும் சுலபமாகக் கிடைத்தது. இதை நீங்கள் குறித்து வைத்துக்கொள்ளலாம். எல்லோரும் மலையேறவே ஆசைப்படுகிறார்கள். அதனால் பகல் இரண்டு மணிக்கு ஊட்டியில் கிளம்பி ஐந்தரை மணி வாக்கில் மேட்டுப்பாளையம் வரும் ரயிலில் நெருக்கடி கொஞ்சம் குறைவு. அதே பல் சக்கரம், அதே குகைகள், அதே பாலங்கள். ஏறும்போது இன்ஜின் படும் பாட்டைக் கேட்க முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். ஏறும் டிக்கெட் கிடைக்கவில்லை என்று திட்டத்தையே கைவிடுகிறவர்கள் இந்த ரயிலை மறந்துவிடுகிறார்கள்.

அதுவும் இல்லையென்றால் குன்னூர் - ஊட்டி. அந்தத் துண்டில் மட்டும் ஓடும் ரயில்கள் தினமும் சில இருக்கின்றன. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு ஏறுங்கள். குன்னூருக்கு மேல் பல் தண்டவாளமும் கிடையாது, நீராவியும் கிடையாது. டீசல் இன்ஜின்தான். தேயிலைத் தோட்டம், கேத்தி பள்ளத்தாக்கு எல்லாம் அழகு, குறையொன்றுமில்லை. ஆனால் நீங்கள் சினிமாவில் பார்த்து ஏங்கின அந்தக் கரும்புகை, செங்குத்துப் பாறை, காட்டுக்கு நடுவே நூல் மாதிரி பாலம் எல்லாம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவிலேயே முடிந்துவிடுகிறது. கோடையிலும் பண்டிகை சமயத்திலும் தெற்கு ரயில்வே சிறப்பு மலை ரயில் விடுவதுண்டு. அது அறுபது நாள் கணக்கில் வராது, பேப்பரில் அறிவிப்பு வரும். தினமும் பேப்பர் படிக்கிறவர்களுக்கு இன்னும் ஏதோ லாபம் இருக்கிறது.

நாங்கள் வாங்கிய பிறகு ஒரு விதி மாறிவிட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும். 2025 அக்டோபரிலிருந்து, முன்பதிவு திறந்த முதல் பதினைந்து நிமிஷம் ஆதாரை இணைத்துச் சரிபார்த்த கணக்குக்கு மட்டும்தான் இன்டர்நெட்டில் டிக்கெட் என்றார்கள். பிறகு அந்த நேரத்தை இன்னும் நீட்டினார்கள். நாலு பெட்டி ரயிலுக்கு முதல் பதினைந்து நிமிஷம் என்பதே முழு ரயில். ஆகவே உங்கள் கணக்கில் அந்த இணைப்பை முந்தின வாரமே முடித்து வையுங்கள். எட்டு மணிக்கு அந்த வேலையை ஆரம்பித்தால் ஒன்பது மணிக்கு பஸ் டைம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

மாசத்தையும் பார்க்க வேண்டும். அக்டோபர், நவம்பர், டிசம்பரில் டிக்கெட் சற்று எளிதாகக் கிடைக்கும். ஏன் கிடைக்கிறது என்று யோசிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை. ஒரு ராத்திரி கொட்டினால் போதும், பாறையும் மண்ணும் மரமும் தண்டவாளத்தில் வந்து படுத்துக்கொள்ளும். மறுநாள் ரயில் ரத்து. சில சமயம் ஒரு வாரம் ரத்து. 2009 நவம்பர் மழையில் மலை பல இடத்தில் சரிந்தபோது இந்த ரயில் நீண்ட நாள் ஓடவேயில்லை. ரயில் முழுக்க ரத்தானால் இன்டர்நெட் டிக்கெட்டுக்குப் பணம் தானாக வந்துவிடும், அது கவலையில்லை. போகும் வழியிலேயே, பாதித் தூரத்துக்கு மட்டும் ரத்து என்றால்தான் நீங்களாக டி.டி.ஆர். போட்டுக் கேட்க வேண்டியிருக்கும். மழை மாசத்தில் போகிறவர்கள் முந்தின நாள் சாயங்காலம் ஒரு தடவை ரயில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மேட்டுப்பாளையத்தில் இறங்கி, ரயில் இல்லை என்று தெரிந்தால் கலங்க வேண்டாம், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில்தான்.

மே 10 காலை எங்கள் ரயில் சொன்ன நேரத்துக்கு மேட்டுப்பாளையம் வந்தது, ஆறேகால் சுமாருக்கு. மலை ரயிலுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருந்தது. முழங்கால் வலிக்கிற ஒருத்தர் நடந்து, காபி குடித்து, பாத்ரூம் போய், ஏற அது சரியாகப் போதும். (இந்த ரயிலில் கழிப்பறை கிடையாது. ஸ்டேஷனில் நிற்கும்போதுதான். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இதை முதலில் விசாரியுங்கள், சீனரியை அப்புறம்.) எனக்கும் பையனுக்கும் வெயிட்டிங் லிஸ்ட் 3, 4-லேயே நின்றுபோனது. அன்று காலை கொடுக்கும் முன்பதிவில்லாத சீட் கொஞ்சம் உண்டு. ஆனால் விடிவதற்கு முன்னாலேயே அதற்கு க்யூ நின்றுவிட்டது.

வழியனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் பஸ் ஏறினோம். பையன் முகம் தொங்கிப்போயிருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும், பஸ் அதில் பாதிகூட எடுக்காது. ஆகவே குன்னூரில் இட்லி சாப்பிட்டுவிட்டு, ஸ்டேஷனில் சாவகாசமாக நிற்க நேரம் இருந்தது. முதலில் சத்தம் வந்தது. அப்புறம் காட்டுக்கு மேல் புகை. கடைசியில் இன்ஜினே இல்லாத ஒரு ரயில் வளைவில் திரும்பி எங்களைப் பார்த்து வந்தது. முன் பெட்டியின் வாசல் மேடையில் பிரேக்ஸ்மேன் நின்றுகொண்டிருந்தார். இன்ஜின் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு தள்ளியது. உள்ளே உட்கார்ந்திருந்தால் இந்தக் காட்சி கிடைத்திருக்காது. பையன் அதற்கப்புறம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. இன்ஜினைக் கழற்றி டீசலை மாட்டும் வரை அந்தப் பக்கத்தை விட்டு நகரவே இல்லை.

அத்தை ஜன்னலில் இருந்தாள். முகமெல்லாம் கரித்தூள்.

"எல்லாம் மாறிப்போச்சுடா. பாறை மட்டும் அங்கயே இருக்கு" என்றாள். பிறகு, "அரவங்காட்டுல எவ்வளவு நேரம் நிக்கும்?" என்று மகளைக் கேட்டாள். ஒரு நிமிஷமோ என்னவோ என்றாள் அவள். அத்தை தலையசைத்துவிட்டு, அந்த ஒரு நிமிஷத்துக்காக இப்போதிருந்தே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை பகல் இரண்டு மணிக்கு ஆறு பேரும் ஒன்றாக இறங்கினோம். ஹில்குரோவில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்தினார்கள். குரங்குகள் வந்து பிஸ்கெட் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போயின. அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி, பிளாட்பாரத்தில் இன்ஜின் வரைக்கும் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தாள். டிரைவர் ஒன்றும் சொல்லவில்லை, அவள் ஏறி உட்காரும் வரை காத்திருந்துதான் விசில் கொடுத்தார் என்று என் மனைவி சொல்கிறாள். எனக்கென்னவோ தண்ணீர் பிடித்து முடிய அவ்வளவு நேரம் ஆனது என்றுதான் தோன்றுகிறது. மேட்டுப்பாளையத்தில் சென்னை ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அத்தை வெயிட்டிங் ரூமில் காலை நீட்டி உட்கார்ந்து, எத்தனை குகை என்று என் மகளிடம் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். பதினாறு வர வேண்டும். பதினைந்தில் நின்று, மறுபடி கல்லாறிலிருந்து ஆரம்பித்தார்கள்.